ஒரு நுளம்பு, இருபத்து நான்கு படங்கள்

இந்தப் பதிவோடு நாங்கள் போட்டிருக்கும் நுளம்புப் படத்தை ஒரே கிளிக்கில் எடுத்த படம் என்று நினைத்துச் சிலர் எங்களை வழியில் நிறுத்திப் பாராட்டினார்கள். சந்தோஷம்தான். ஆனால் அது ஒரு படமல்ல. 24 படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த இடத்தை மாத்திரம் எடுத்துச் சேர்த்த படம். இதற்கு போகஸ் ஸ்டெக்கிங் என்று பெயர். அதை ஏன் செய்யவேண்டி வந்தது, எங்கே பிழைத்தது என்பதை எழுதச் சொல்லிப் பெற்றோர் சிலர் கேட்டார்கள். விஞ்ஞானக் கழகத்துப் பிள்ளைகளும் நாங்களுமாகச் சேர்ந்து செய்த வேலை என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

கடந்த மாரியில் தரம் 7இல் இரண்டு பிள்ளைகள் ஒரே வாரத்தில் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வழமைபோலச் சிரமதானம் வைத்தோம். சிரட்டை, யோகட் கப், பழைய டயர் என்று வளவெல்லாம் பொறுக்கினோம். நான்கு நாள் கழித்து, பட்டப்பகலில், அந்தத் தரம் 7 வகுப்பறைக்குள்ளேயே ஒரு மாணவி வெள்ளைப் புள்ளிக் கால் நுளம்பொன்றை நசுக்காமல் ஒரு கண்ணாடிக் குவளையால் மூடிப் பிடித்து, கீழே கொப்பி மட்டையைச் செருகிக் கொண்டுவந்து விட்டாள். "சேர், வெளியெல்லாம் துப்புரவாக்கிட்டமே, இது எங்க இரிந்து வந்த?" என்பது அவளின் கேள்வி.

அதற்குப் பதில் சொல்வதென்றால் முதலில் அது எந்த நுளம்பு என்று தெரியவேண்டும். எங்கள் நாட்டில் டெங்கைப் பரப்புவது இரண்டு இனங்கள். ஈடிஸ் ஈஜிப்டி மனிதரோடு ஒட்டி வாழ்வது. வீட்டுக்குள், கட்டடத்துக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, பூச்சாடி, பாவிக்காத மலசலகூடச் சிஸ்டர்ன் போன்றவற்றில் முட்டையிடுவது அதற்குப் பிடிக்கும். மற்றது ஈடிஸ் அல்போபிக்டஸ். அது கூடுதலாகத் தோட்டக்காரன். மரப்பொந்து, சிரட்டை, இலைக்கக்கம் என்று வெளிப்புறத்தில் பெருகும். இரண்டும் எல்லை தாண்டாத இனங்கள் என்று சொல்லமுடியாது. ஆனாலும் தேடலை உள்ளே தொடங்குவதா, வெளியே தொடங்குவதா என்பதற்கு அது ஒரு துப்பு.

இரண்டுக்கும் கால்களில் வெள்ளை வளையம் உண்டு. அதை வைத்துப் பிரிக்க ஏலாது. முதுகைத்தான் பார்க்கவேண்டும். அல்போபிக்டஸின் நெஞ்சு முதுகில் நடுவால் ஒரேயொரு தடித்த வெள்ளைக் கோடு ஓடும். ஈஜிப்டியின் முதுகில் நடுவே இரண்டு மெல்லிய கோடுகள், இரு பக்கத்திலும் வெளியே வளைந்து இறங்கும் இரண்டு கோடுகள். நான்கும் சேர்ந்து யாழ் போலத் தெரியும். இன்னொரு அடையாளமும் இருக்கிறது. தலையின் முன்பக்கம், உணர்கொம்புகள் தொடங்கும் இடத்துக்கு நடுவில் ஒரு சிறு மேடு. பெண் ஈஜிப்டிக்கு அதில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் இருக்கும், அல்போபிக்டஸுக்கு அது கறுப்பு.

பிரச்சினை என்னவென்றால், இவ்வளவும் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளமான ஒரு உடம்பில் இருக்கின்றன. கோடுகள் இருக்கும் நெஞ்சு ஒரு மில்லிமீற்றர் அளவு. அதுவும் தட்டையானதல்ல, கூனல். எங்கள் ஆய்வுகூடத்தில் கைவில்லை இருந்தது, ஆனால் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்த ஆறு பிள்ளைகளும் ஆறு விதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒன்றாகப் பார்க்க ஒரு படம் வேண்டும்.

கலியாண வீடுகளுக்குப் படமெடுக்கும் காக்கா ஒருவர் பழைய கமரா ஒன்றையும், 28 மில்லிமீற்றர் பழைய லென்ஸ் ஒன்றையும், அந்த லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ஐந்நூறு ரூபாய் பெறாத ஒரு வளையத்தையும் தந்தார். லென்ஸைப் புரட்டிப் பூட்டினால் அது நல்லதொரு உருப்பெருக்கியாகிவிடும். அந்த 28 லென்ஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தரும். அதாவது 5 மில்லிமீற்றர் நுளம்பு, கமராவுக்குள் இருக்கும் சென்சரில் 10 மில்லிமீற்றராக விழும். சென்சரின் அகலமே 22 மில்லிமீற்றர் என்பதால் நுளம்பு படத்தில் பாதியை நிரப்பும். பழைய லென்ஸ் என்பதில் ஒரு வசதியும் உண்டு. துவாரத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் லென்ஸிலேயே இருக்கிறது. புது லென்ஸ்களைப் புரட்டி மாட்டினால் கமராவோடு தொடர்பு அறுந்து, துவாரத்தை மாற்ற முடியாமல் போகும்.

முதல் படத்தை, ஆளைப் படமெடுக்கும் பழக்கத்தில், கண்ணுக்குப் போகஸ் பண்ணி எடுத்தோம். கண் அழகாக விழுந்தது. முதுகில் வெளிறிய ஒற்றைப் பட்டை. "அல்போபிக்டஸ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம், நாங்கள்தான், பிள்ளைகள் அல்ல. வெளியில் இன்னும் தேடவேண்டும் என்று அடுத்த சிரமதானத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

பிறகு ஒரு பையன் சும்மா முதுகுக்குப் போகஸை மாற்றி இன்னொரு படம் எடுத்தான். இப்போது கண் கலங்கிவிட்டது, முதுகின் உச்சியில் அந்த ஒற்றைப் பட்டை இரண்டு மெல்லிய கோடாகப் பிரிவதுபோல் இருந்தது. "சேர், இது ஒரு கோடா, ரெண்டு கோடா?" என்று கேட்டான். பக்கக் கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் அவை கூனலின் சரிவில் கீழே இருப்பதால் இன்னும் புகையாகவே கிடந்தன. ஒரே நுளம்பு. ஒரு படம் ஒரு இனம் என்கிறது, மற்றப் படம் வேறு இனம் என்கிறது.

இது ஏன் என்பதைக் கொஞ்சம் விளங்கப்படுத்தவேண்டும். கமரா எந்த நேரமும் ஒரு குறித்த தூரத்தில் உள்ளதைத்தான் தெளிவாகப் பிடிக்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஓரளவு தூரம் கண்ணுக்குத் தெளிவாகவே படும். ஆட்களைக் குழுவாக நிறுத்தி எடுக்கும்போது அந்தப் பட்டை பல அடி தடிப்பு, அதனால் நாம் கவனிப்பதில்லை. கிட்டப் போகப் போக அது மெலிந்துகொண்டே வரும். இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில், துவார வளையத்தை 5.6இல் வைத்தால், தெளிவாக விழும் பட்டை ஒரு மில்லிமீற்றரில் ஏழில் ஒரு பங்களவுதான். ஒரு மில்லிமீற்றர் கூனலை அது ஒரு தரத்தில் எப்படி மூடும்? பட்டைக்கு வெளியே இருக்கும் இரண்டு மெல்லிய கோடுகள் பரந்து, ஒன்றோடொன்று கலந்து, ஒற்றைக் கோடாகிவிட்டன. நாங்கள் ஏமாந்தது அதில்தான்.

துவாரத்தைச் சிறிதாக்கினால் பட்டை தடிக்கும் என்பது படமெடுக்கும் எல்லோருக்கும் தெரியும். 22க்குத் திருப்பிப் பார்த்தோம். பட்டை தடித்தது உண்மை, ஆனால் முழுப் படமுமே மெல்லிய சீலை போர்த்தினாற்போல ஆகிவிட்டது. ஒளி மிகச் சிறிய துவாரத்தால் போகும்போது விளிம்பில் வளைந்து பரவும். இரண்டு மடங்கில் 22 என்பது, லென்ஸைத் தூரப் பொருளுக்குப் பாவிக்கும்போது 66 என்ற துவாரம் செய்யும் வேலையைச் செய்கிறது. அந்தளவில் தனித்தனிச் செதில் எதுவும் மிஞ்சாது. எனவே நடுத்தரமான 5.6இலேயே நின்று, மெல்லிய பட்டையை ஏற்றுக்கொண்டு, அதை நுளம்பின் மேலிருந்து கீழாகப் படிப்படியாக நகர்த்திப் பல படம் எடுப்பது ஒன்றுதான் வழி.

நகர்த்துவது எப்படி என்பதில்தான் எங்களுக்கு ஆசையான பகுதி வருகிறது. இதற்கென்று விற்கும் தண்டவாளங்கள் இருக்கின்றன, விலை எங்களுக்குக் கட்டாது. தரம் 10 பிள்ளை ஒருவரின் வாப்பா தச்சுவேலை செய்பவர். அவர் ஒரு லாச்சி ரெயிலைப் பலகையில் அறைந்து தந்தார். நகரும் துண்டின் பின்னால் ஒரு 6 மில்லிமீற்றர் போல்ட், பலகையில் இறுக்கிய நட்டுக்குள்ளால் வந்து முட்டி நிற்கும். சாதாரணக் கடைகளில் கிடைக்கும் 6 மில்லிமீற்றர் போல்டின் புரி ஒரு மில்லிமீற்றர், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு அது ஒரு மில்லிமீற்றர் முன்னேறும். பத்துச் சுற்றுச் சுற்றி அடிமட்டத்தால் அளந்தோம், பத்து மில்லிமீற்றர் சரியாக வந்தது. போல்ட் தலையில் வட்ட மட்டையொன்றை ஒட்டிப் பத்துச் சமபங்காகக் கோடு போட்டால், ஒரு கோடு திருப்ப 0.1 மில்லிமீற்றர். நகரும் துண்டைப் போல்டோடு அணைத்து வைக்க இரண்டு றப்பர் வளையங்கள் போட்டோம். றப்பர் இல்லாவிட்டால் புரிக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள ஆட்டத்தில் முதல் இரண்டு திருப்பல் வீணாகும். அதே காரணத்துக்காக ஒரு திசையில்தான் திருப்பவேண்டும். கை தவறிக் கூடத் திருப்பிவிட்டால் பின்னால் கொண்டுவந்து சரிசெய்யப் பார்க்காமல் முதலிலிருந்து தொடங்குவது நல்லது.

கமரா அசையாது, நுளம்புதான் நகரும். நுளம்பு அரைக் கிராமும் இல்லை, கமரா அரைக் கிலோவுக்குமேல். எதை நகர்த்துவது இலகு என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். தொலைபேசியில் மாட்டும் சிறிய குளோஸ்அப் வில்லை வைத்திருப்பவர்களும் இதே பலகையைப் பாவிக்கலாம். திரையை விரலால் அழுத்திப் பிடித்துப் போகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, போல்டைத் திருப்பவேண்டியதுதான். பூட்டாவிட்டால் தொலைபேசி ஒவ்வொரு தரமும் தானே புதிதாகப் போகஸ் பண்ணி எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

நுளம்பைத் தயார்பண்ணுவதில் அவசரப்படக்கூடாது. குவளையோடு குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் பகுதியில் வைத்துக் கொன்றோம். வெளியே எடுத்தவுடன் அதன்மேல் பனித்துளி படியும், அது காயும்வரை தொடக்கூடாது. முதுகுக் கோடுகள் என்பவை வண்ணத்திப்பூச்சிச் சிறகில் போன்ற நுண்ணிய செதில்கள்தான், விரல் பட்டாலே உரிந்துவிடும். செதில் உரிந்த நுளம்புக்கு எத்தனை படம் அடுக்கியும் கோடு வராது. தடித்த தாளில் கூரான சின்ன முக்கோணம் வெட்டி, குண்டூசியில் குத்தி, முக்கோணத்தின் நுனியில் துளி கம் வைத்து நெஞ்சின் வலப்பக்கத்தில் ஒட்டினோம். முதுகும் தலையும் இடப்பக்கமும் அப்படியே இருக்கும்.

வெளிச்சத்துக்கு இரண்டு எல்.ஈ.டி. மேசை விளக்குகள். நேரடியாக அடித்தால் வெள்ளைச் செதில்கள் கண்ணாடித் துண்டுபோல மின்னி, கோட்டின் ஓரம் எரிந்துபோகும். ஒரு வெள்ளை யோகட் கப்பின் அடியை வெட்டி, நுளம்பைச் சுற்றிக் கூடாரம்போல் வைத்தோம். ஒளி கப்பின் சுவரால் வடிந்து எல்லாப் பக்கத்தாலும் மெதுவாக வந்தது. கமராவில் எதையும் தானியங்கியாக விடவில்லை. ஐ.எஸ்.ஓ. 100, அரைச் செக்கன், வெள்ளைச் சமநிலை ஒன்றில் நிறுத்தியது. ஒரு படம் இருண்டும் அடுத்தது வெளிச்சமாகவும் இருந்தால் சேர்க்கும்போது திட்டுத்திட்டாக வரும். அரைச் செக்கன் என்பதால் அதிர்வு பொல்லாதது. மின்விசிறியை நிறுத்தி, கமராவின் இரண்டு செக்கன் ரைமரைப் போட்டு, அறையில் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்தோம். பிரதான வீதியால் பஸ் போனால் அந்தப் படத்தைத் திருப்பி எடுக்கவேண்டும். லுஹருக்குப் பிறகு வீதி அடங்கும் நேரமாகப் பார்த்துத்தான் தொடங்கினோம்.

முதல் தடவை பொறுமையில்லாமல் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பினோம், 0.25 மில்லிமீற்றர். பத்துப் படத்தில் வேலை முடிந்தது. சேர்த்துப் பார்த்தால் கால்களில் வரிக்குதிரை மாதிரி. கொஞ்சம் தெளிவு, கொஞ்சம் கலங்கல், திரும்பத் தெளிவு. காரணம் விளங்குகிறதுதானே: தெளிவுப் பட்டை ஏழில் ஒரு பங்கு, நாங்கள் தாண்டியது நான்கில் ஒரு பங்கு. இடையில் எந்தப் படத்திலும் தெளிவாக விழாத துண்டுகள் விடுபட்டுப் போயின. இல்லாததை மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்? இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நீளமான ஒரு காலின் வழியே கண்ணை ஓட்டினால் போதும். அடுத்த தடவை ஒரு கோடு ஒரு கோடாக, 0.1 மில்லிமீற்றர் வீதம், முதுகின் உச்சிக்குச் சற்று மேலே வெறும் காற்றில் தொடங்கி, தலையின் அந்தச் சிறு மேட்டையும் தாண்டி, 24 படம்.

சேர்ப்பதற்குக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எங்கள் ஆய்வுகூடப் பழைய மடிக்கணினியில் உபுண்டு இருக்கிறது, அதில் இலவசமாகக் கிடைக்கும் ஹுகின் என்ற தொகுதியோடு வரும் இரண்டு சின்னக் கருவிகளைப் பாவித்தோம். முதலாவது படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிறது, நகர்த்தும்போது நுளம்பு சற்றுப் பெரிதாகியும் சிறிதாகியும் தெரிவதையும் சரிசெய்கிறது. இரண்டாவது சேர்க்கிறது.

```
align_image_stack -m -a al_ IMG_*.JPG
enfuse --exposure-weight=0 --saturation-weight=0 \
  --contrast-weight=1 --hard-mask \
  --output=nulambu.tif al_*.tif
```

இரண்டாவது கட்டளை சொல்வது இதுதான்: வெளிச்சத்தையும் நிறத்தையும் பார்க்காதே, ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தப் படத்தில் அயல் புள்ளிகளோடு வேறுபாடு கூட இருக்கிறதோ அதை மட்டும் எடு. கலங்கிய இடத்தில் அயல் புள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், தெளிந்த இடத்தில் வேறுபடும். அவ்வளவுதான் அதன் அறிவு. நுளம்பு என்றால் என்ன, அதற்கு எத்தனை கோடு இருக்கவேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அது எங்களுக்கு நல்லாக உறைத்தது அந்தப் பின்னேரத்தில்தான். பழைய மடிக்கணினி பத்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுப் படத்தைக் காட்டியது. கண் தெளிவு, உணர்கொம்பு தெளிவு, கால் வளையமெல்லாம் தெளிவு. முதுகைப் பெரிதாக்கினோம். நடுவில் நான்கு கோடு! இரண்டு இரண்டாக, அச்சொட்டாக, ஊசிமுனைத் தெளிவில். எந்த இனத்துக்கும் அப்படி இல்லை. ஒரு மாணவி, "புது நுளம்பு கண்டுபிடிச்சிட்டம் சேர்" என்று சிரித்தாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் படம் அவ்வளவு தெளிவாகப் பொய் சொன்னது. கலங்கிய படமாவது தன்னை நம்பாதே என்று சொல்லும். இது சொல்லாது.

மூலப் படங்கள் 24ஐயும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். ஏழாவது படம்வரை முதுகில் இரண்டு கோடு. எட்டாவதிலும் இரண்டு கோடுதான், ஆனால் அவை மயிரிழையளவு இடப்பக்கம் தள்ளியிருந்தன. அந்த இரண்டுக்கும் இடையில் நுளம்பு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காலையில் வைத்த கம் சரியாகக் காயவில்லை, விளக்குச் சூட்டில் காய்ந்து சுருங்கும்போது உடம்பை இழுத்துவிட்டது. பொருத்தும் கருவி ஏன் அதைச் சரிசெய்யவில்லை? நுளம்பு திரும்பியது, ஆனால் முக்கோணத் தாள் அசையவில்லை. தாளின் நார்கள் நல்ல அடையாளங்கள் என்பதால் கருவி தாளைப் பிடித்துக்கொண்டு பொருத்திவிட்டது. சேர்க்கும் கருவிக்கு ஏழாவதிலும் கோடு தெளிவு, எட்டாவதிலும் கோடு தெளிவு, ஆகையால் இரண்டையும் எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒட்டிய நுளம்பை ஒரு முழு இரவு காயவிடுவோம், அடுத்த நாள் விளக்கையும் கால் மணித்தியாலம் முன்பே போட்டுச் சூடு நிலைக்கவிடுவோம். மற்றது, சேர்த்த படத்தில் எதையாவது ஆதாரமாகக் காட்டுவதென்றால், அந்த இடம் குறைந்தது ஒரு மூலப் படத்திலாவது அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காட்டுவோம். மூலப் படங்களை அழிப்பதில்லை.

ஓரங்களைப் பற்றியும் ஒரு சொல். நெஞ்சுக்கு மேலாகத் தூக்கி நிற்கும் பின்னங்காலைச் சுற்றி மெல்லிய புகை வளையமொன்று எங்கள் நல்ல படத்திலும் இருக்கிறது. கீழேயுள்ள முதுகைப் போகஸ் பண்ணும்போது மேலேயுள்ள கால் கலங்கி அகன்று, தன்னைவிடப் பெரிய இடத்தை மறைத்துவிடுகிறது. காலை ஒட்டியுள்ள அந்த இடம் எந்தப் படத்திலும் தெளிவாகக் கிடைக்காது. இது திறமையால் தீரும் பிழையல்ல. நுளம்பு காயமுன்பே ஊசியால் காலை முதுகுக்கு வெளியே விலக்கி வைப்பதுதான் செய்யக்கூடியது. நாங்கள் ஒரு காலை மறந்துவிட்டோம், படத்தில் இடது மேல் மூலையில் பார்த்தால் தெரியும்.

இரண்டாம் நாள் எடுத்த 24 படமும் அசைவில்லாமல் வந்தன. சேர்த்த படத்தைப் பிள்ளைகள் முன்னால் புரொஜெக்டரில் போட்டோம். நடுவில் இரண்டு மெல்லிய கோடு. இடப்பக்கத்தில் ஒன்று வெளியே வளைந்து கூனலின் சரிவில் இறங்கி முடிகிறது. வலப்பக்கத்தில் அதன் சோடி தொடங்கி, தாள் முக்கோணம் மறைக்கும் இடத்தில் நிற்கிறது. முன்னால், உணர்கொம்புகளுக்கு நடுவில், இரண்டு வெள்ளைப் பொட்டு. முதுகுக் கோடுகளை ஐந்தாவது படத்திலிருந்து ஒன்பதாவதுவரை மூலப் படங்களில் கண்டோம், பொட்டுகளைப் பதினேழாவதில் கண்டோம். ஈஜிப்டிதான். முதல் நாள் நாங்கள் சொன்ன தீர்ப்பைப் பலகையில் எழுதியிருந்தோம், அதை அழிக்கச் சொல்லிப் பிள்ளைகளிடமே டஸ்டரைக் கொடுத்தோம்.

அப்போது தரம் 9 மாணவி ஒருத்தி கேட்டது நியாயமான கேள்வி. "24 படத்தையும் தனித்தனியாப் பார்த்தாலே விடை வருதே சேர், பிறகு ஏன் சேர்க்கோணும்?" உண்மைதான். இனத்தைக் கண்டறிய மட்டும் என்றால் சேர்க்கத் தேவையில்லை. நுணுக்குக்காட்டியில் நுளம்பு பார்க்கும் உத்தியோகத்தர்களும் போகஸ் குமிழை மேலும் கீழும் திருப்பித் திருப்பித்தான் பார்ப்பார்கள், சேர்க்கும் வேலையை அவர்களுடைய மூளையே செய்துவிடும். ஆனால் முதுகும் பொட்டும் ஒரே உடம்பில் இருக்கின்றன என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் எண்பது பேருக்குக் காட்ட எங்களிடம் எண்பது நுணுக்குக்காட்டி இல்லை.

நுளம்பையும் படத்தையும் மூலப் படங்களையும் பீ.எச்.ஐ. அவர்களிடம் கொடுத்தோம். அவர் முதலில் படத்தைப் பார்க்கவில்லை, கைவில்லையை எடுத்து நுளம்பைத்தான் பார்த்தார். சரியென்று சொன்னார். ஒரு நுளம்பு வெளியிலிருந்து பறந்தும் வந்திருக்கலாம், இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம் என்றும் சொன்னார். ஆனாலும் அவரோடு சேர்ந்து இந்தமுறை கட்டடத்துக்குள்ளே தேடினோம். மேடைக்குப் பின்னாலுள்ள, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த மலசலகூடத்தின் சிஸ்டர்னைத் திறந்தபோது உள்ளே குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. மூடி வெடித்திருந்தது. சிரமதானத்தில் அந்தக் கதவை யாரும் திறக்கவேயில்லை, திறப்பு எங்கே என்றுகூட யாருக்கும் தெரியாமலிருந்தது. அந்தக் குடம்பிகள் எந்த இனம் என்று நாங்கள் சொல்லவில்லை. பீ.எச்.ஐ. சிறு போத்தலில் எடுத்துப்போனார். சிஸ்டர்னை அன்றே வெறுமையாக்கிக் கழற்றிவிட்டோம்.

ஆஸ்பத்திரியிலிருந்த இரண்டு பிள்ளைகளும் அல்ஹம்துலில்லாஹ் திரும்பி வந்துவிட்டார்கள். அதில் ஒருவன் இப்போது பாடசாலை விட்டபின் அஸர்வரை நின்று போல்ட் திருப்புகிறான். கோட்டை எண்ணுவதில் எங்களைவிடக் கவனம். சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு அல்போபிக்டஸைப் பிடித்து வந்து, இரண்டு இனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்காக 31 படம் எடுக்கத் தொடங்கினோம். பத்தொன்பதாவதில் கரண்ட் போனது. விளக்கு அணைந்து சூடு ஆறினால் திரும்பவும் அசையும் என்று அவனே சொல்லி, போல்டைப் பின்னுக்குச் சுற்றி, முதலிலிருந்து தொடங்குவதற்கு மட்டையில் பூச்சியத்தைச் சரிபார்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.